கோத்தகிரி கால்பந்துப் போட்டியில் ஒரு தகரக் கூரை: ஸ்பான்சர் காசு எப்படி வேலையாக மாறியது

கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில், ஊர்ப் பையன்கள் வருடாவருடம் செப்டம்பரில் கால்பந்துப் போட்டி நடத்துகிறார்கள். இரண்டு வார இறுதி, மொத்தம் 4 நாள். சுற்றுவட்டாரத்தில் இருந்து டீம்கள் வரும், கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் அந்த இரண்டு வாரத்தையும் பார்த்து லீவு போட்டுக்கொண்டு வருவார்கள். போட்டிக்கு ஒன்றரை மாதம் முன்பிருந்தே கமிட்டிக்காரர்கள் ரசீதுப் புத்தகத்தோடு கடை கடையாக ஏறுவார்கள். இரண்டாம் பரிசுக்கு 15,000 ரூபாய், கோப்பை தனி, பதிலுக்கு பேனரில் கடைப் பெயர். இதுதான் வழக்கமான பேச்சு.

அப்படி அவர்கள் போய்க் கேட்டவர்களில் ஒருவர் கூரை ஒழுகல் சரிசெய்யும் ஒப்பந்ததாரர். தகர ஷீட், ஓடு, மொட்டை மாடி வாட்டர்ப்ரூஃபிங், மழைத்தண்ணீர் காவா எல்லாம் செய்வார். அவரையும் சேர்த்து 4 பேர் கொண்ட ஒரே டீம். சின்னத் தொழில்களுக்கு விளம்பர வேலை பார்ப்பவன் என்ற முறையில் என்னிடம் கேட்டார், 15,000 கொடுக்கலாமா என்று. கொடுக்கலாம், ஆனால் பேனருக்காகக் கொடுக்க வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு நடந்ததை முழுசாக எழுதி வைக்கிறேன், ஏனென்றால் மலையில் சின்ன வியாபாரம் செய்யும் நிறையப் பேர் இதே மாதிரி ரசீதுக்குக் காசு கொடுத்துவிட்டு, பேனரோடு ஒரு செல்ஃபி எடுத்துப் போட்டு, அதோடு முடித்துவிடுகிறார்கள். அது ஊருக்குச் செய்த நன்கொடை, அதில் தப்பே இல்லை. ஆனால் அதை விளம்பரச் செலவு என்று கணக்கில் எழுதினால் அதற்கான வேலையை நாம்தான் செய்தாக வேண்டும்.

எந்த நிகழ்ச்சி, எந்த மாதம்

முதலில் அவர் நினைத்தது மே மாதக் கோடைவிழாவை. கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, எங்கே பார்த்தாலும் கூட்டம். ஆனால் அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி சமவெளியில் இருந்து வந்து இரண்டு நாளில் இறங்கிப்போகும் கூட்டம். ஹோம்ஸ்டே வைத்திருப்பவருக்கும், தேயிலையோ ஹோம்மேட் சாக்லேட்டோ விற்பவருக்கும் அது தங்கமான இடம். கூரை ஒழுகலைச் சரிசெய்பவருக்கு அங்கே ஆயிரம் பேர் பார்த்தாலும் வீடு மலையில் இருக்க வேண்டுமே! ஹட்டி மைதானத்தில் வருபவர்கள் சில நூறு பேர்தான், ஆனால் ஏறக்குறைய எல்லோருக்கும் இங்கே ஒரு வீடு இருக்கிறது, அதற்கு ஒரு கூரை இருக்கிறது.

அடுத்தது மாதம். நீலகிரியில் இது முக்கியம். ஊட்டி, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் போட்டுத் தாக்கும், கோத்தகிரி, குன்னூர் பக்கம் கிழக்குச் சரிவு, இங்கே பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான், அக்டோபர் மூன்றாம் வாரத்தில் இருந்து. அதாவது செப்டம்பர் போட்டிக்கும் மழைக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு மாதம். ஒழுகலைப் பற்றி ஆட்கள் யோசிக்கத் தொடங்கும் நேரம் அது, வேலை செய்யவும் கூரை ஓரளவு காய்ந்து கிடக்கும். மழை தொடங்கிவிட்டால் கோட்டிங் அடிக்க முடியாது, பனிமூட்டத்திலும் ஈரத்திலும் அது பிடிக்காது. இதே போட்டி ஜனவரியில் நடந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆர்வம் வந்திருக்காது, ஏனென்றால் மழை நின்றதும் ஒழுகல் மறந்துபோகும்.

கமிட்டியிடம் கேட்டது

மைதானத்தின் ஓரத்தில் ஒரு பழைய ஸ்டோர் ரூம் இருக்கிறது. வலை, பந்து, சுண்ணாம்பு, சாமியானா எல்லாம் அதற்குள். வீரர்கள் உடை மாற்றுவதும் அங்கேதான். தகர ஷீட் கூரை, மூன்று இடத்தில் ஒழுகல், உள்ளே எப்போதும் ஒரு பக்கெட். ஒப்பந்ததாரர் கமிட்டிச் செயலாளரிடம் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணா, இரண்டாம் பரிசு வேற யாராவது பார்த்துக்கட்டும். ஆட்டநாயகனுக்கு 5,000 நான் தர்றேன், இந்தக் கூரையை என் செலவுல சரிபண்ணித் தர்றேன். பதிலுக்கு நாலு விஷயம் வேணும்."

அந்த நாலும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டார்கள். மைதானத்தில் படம் எடுக்கவும் அதைத் தன் தொழிலின் இன்ஸ்டாகிராம் கணக்கில் போடவும் அனுமதி. ஒவ்வொரு நாளும் இரண்டு முறை மைக்கில் அறிவிப்பு, அறிவிக்கும் வாசகத்தை அவரே எழுதித் தருவார். டீக்கடை பந்தலை ஒட்டி ஒரு மேசை போட இடம். கமிட்டியின் இன்ஸ்டாகிராம் கணக்கு இவருடைய ரீல்களில் கொலாப் அழைப்பை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இந்த நாலாவதுதான் காசுக்குக் கிடைக்காத பொருள். ஒப்பந்ததாரரின் கணக்கில் அப்போது நூற்றுச் சொச்சம் பேர், பாதிப்பேர் சொந்தக்காரர்கள். போட்டிக் கமிட்டியின் கணக்கில் சில ஆயிரம் பேர், அத்தனை பேரும் சுற்றுப்பட்டு ஹட்டிக்காரர்கள் அல்லது இங்கிருந்து வெளியூர் போனவர்கள். கொலாப் போட்டால் ஒரே ரீல் இரண்டு கணக்கிலும் நிற்கும், விருப்பமும் கருத்தும் ஒன்றாகவே சேரும். ஆனால் அழைப்பு அனுப்பியதும் அந்தப் பக்கம் யாராவது ஏற்க வேண்டும். அந்தக் கணக்கை நடத்துவது ஒரு கல்லூரிப் பையன், போட்டி நேரத்தில் அவனே ஆடவும் செய்வான். அதனால் யார் ஏற்பது, எத்தனை மணிக்குள் என்பதையும் தாளில் எழுதிக்கொண்டோம். இதை எழுதாமல் விட்டால் அழைப்பு இரண்டு நாள் அப்படியே கிடக்கும், ரீல் ஆறிப்போகும்.

கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். டீம் கேப்டன்களின் போன் நம்பர் பட்டியல் கமிட்டியிடம் இருந்தது, "வேணும்னா எடுத்துக்கோங்க" என்றும் சொன்னார்கள். வேண்டாம் என்றோம். அவர்கள் நம்பர் கொடுத்தது போட்டிக்காக. கூரைக்காரர் திடீரென்று மெசேஜ் அனுப்பினால் முதலில் கோபம் கமிட்டி மேல்தான் வரும், அப்புறம் இவர் மேல். ஊர் சின்னது.

கூரையே விளம்பரம்

போட்டிக்கு முந்தின வாரம் கூரை வேலை நடந்தது. இரண்டு பேர், இரண்டு நாள். வேலையின் விவரத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் படம் எடுத்தது முழுக்க அதை ஒட்டித்தான்.

தகரக் கூரை ஒழுகினால் ஆட்கள் ஷீட்டில் ஓட்டை என்று நினைப்பார்கள். பெரும்பாலும் ஷீட் நன்றாகவே இருக்கும், ஸ்க்ரூவுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து வெடித்து, அந்த விளிம்பு வழியாகத் தண்ணீர் இறங்கும். அடுத்தது ஷீட்டின் மேல் ஷீட் ஏறும் இணைப்பு, அப்புறம் முகட்டு ஷீட். ஸ்டோர் ரூமில் மூன்றும் இருந்தது. பழைய ஸ்க்ரூக்களைக் கழற்றி ஒரு அளவு பெரிய ஸ்க்ரூவும் புது வாஷரும் போட்டார்கள், இணைப்பில் பியூட்டைல் டேப் ஒட்டினார்கள், முகட்டை எடுத்துத் திரும்ப வைத்தார்கள்.

நான் கேட்டது மூன்றே ஷாட். வேலைக்கு முன்னால் உள்ளே நின்று கூரையைப் பார்த்து ஒரு ஷாட், ஹோஸில் மேலே தண்ணீர் அடிக்க, பக்கெட்டில் சொட்டுவது தெரிய வேண்டும். கழற்றிய வாஷரைக் கையில் வைத்து விரலால் அழுத்தினால் உடைந்து போவது, அது மிகக் கிட்டத்தில். வேலை முடிந்த பிறகு அதே இடத்தில் நின்று, அதே கோணத்தில், அதே ஹோஸ். கோணம் மாறினால் பார்ப்பவர் நம்பமாட்டார், அதனால் தரையில் சாக்பீஸால் காலடி வைக்க ஒரு கோடு போட்டோம்.

ரீலில் பேசியது அவரே. எழுதிக் கொடுத்ததைப் படித்தால் இவருக்குக் குரல் இறுகிவிடுகிறது. வாஷரைக் கையில் கொடுத்து "இது என்னண்ணா?" என்று கேட்டதும், வீட்டுக்காரரிடம் எப்படி விளக்குவாரோ அப்படி விளக்கினார். அதில் பெரும்பகுதி அப்படியே போனது. திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டது அந்த வாஷர் உடையும் நொடிதான். கீழே கருத்துகளில் "எங்க வீட்லயும் இதான் போல" என்று ஆட்கள் ஒருவரையொருவர் டேக் செய்யத் தொடங்கினார்கள், விலை கேட்பதற்கு முன்னாலேயே.

ஒரு சிக்கல் வந்தது. முதல் ரீலில் எடிட் செய்த பையன் ஒரு சினிமாப் பாட்டை வெளியில் இருந்து எடுத்துச் சேர்த்துவிட்டான். இது தொழில் கணக்கு, தனிநபர் கணக்குக்குக் கிடைக்கும் பாட்டுப் பட்டியல் இதற்குக் கிடையாது. சில மணி நேரத்தில் சத்தம் மௌனமாக்கப்பட்டது, ஒப்பந்ததாரரின் பேச்சும் சேர்ந்தே போயிற்று. எடுத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டியதாயிற்று, கொலாப் அழைப்பும் புதிதாக. அதன் பிறகு பாட்டே இல்லை. தகரத்தில் தண்ணீர் விழும் சத்தம், மைதானத்துச் சத்தம், ஆட்கள் பேசுவது, இவை போதுமானதாக இருந்தது, சொல்லப்போனால் இன்னும் நன்றாகவே இருந்தது.

மேசையில் என்ன நடந்தது

பொதுவாக இப்படி மேசை போட்டால் நோட்டீஸ் கொடுப்பார்கள், குலுக்கல் பெட்டி வைத்துப் பெயரும் நம்பரும் வாங்குவார்கள். குலுக்கல் வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். குக்கர் பரிசு என்று சொன்னால் எல்லோரும் நம்பர் எழுதுவார்கள், அதில் யாருக்குக் கூரை ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு ஆள் வேண்டும்.

மேசையில் வைத்தது ஒரு பழைய ஷீட் துண்டு, காய்ந்த வாஷர்கள் ஒரு டப்பா நிறைய, ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு அட்டை. அட்டையில் ஒரே வரி: உங்கள் வீட்டு ஒழுகலைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், எங்கே இருந்து வருகிறது என்று சொல்கிறோம். கீழே கியூஆர் கோடு. அதை ஸ்கேன் செய்தால் வாட்ஸ்அப் பிசினஸ் திறக்கும், மெசேஜ் பெட்டியில் ஒரு வார்த்தை ஏற்கெனவே இருக்கும். மைதானத்துக்கு ஒன்று, இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு இணைப்பு செய்தோம்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=GROUND
https://wa.me/91XXXXXXXXXX?text=REEL
```

X இருக்கும் இடத்தில் 10 இலக்க நம்பர். கூட்டல் குறியோ இடைவெளியோ வரக்கூடாது. மெசேஜ் GROUND என்று தொடங்கினால் மைதானத்தில் இருந்து வந்தது, REEL என்று தொடங்கினால் வீடியோ பார்த்து வந்தது. வந்ததும் வாட்ஸ்அப் பிசினஸில் அதற்கான லேபிளைப் போட்டுவிட வேண்டும். இதற்குக் காசும் கிடையாது, சாஃப்ட்வேரும் கிடையாது. ஆனால் பின்னால் எந்தச் செலவு எதைக் கொண்டுவந்தது என்று பார்க்க இது ஒன்றுதான் பிடிமானம்.

போட்டோ கேட்டதற்குக் காரணம் உண்டு. போட்டோ அனுப்புபவருக்கு ஒழுகல் நிஜமாகவே இருக்கிறது. வீட்டுக்குப் போய், நாற்காலி போட்டு ஏறி, படம் எடுத்து அனுப்ப மெனக்கெட்டிருக்கிறார். அந்தப் படத்தைப் பார்த்தே ஒப்பந்ததாரர் பாதி சொல்லிவிடுவார், கறை வட்டமாக இருந்தால் ஒரு கதை, சுவர் ஓரமாக நீளமாக இறங்கினால் வேறு கதை. பதிலுக்கு மூன்று கேள்வி மட்டும் போகும்: எந்த ஊர், என்ன கூரை, எப்போதிருந்து ஒழுகுகிறது.

முதல் நாள் மதியம் வரை கியூஆர் கிட்டத்தட்ட வேலையே செய்யவில்லை. மைதானம் ஒரு பள்ளத்தில் இருக்கிறது. சில நூறு பேர் ஒரே டவரைப் பிடித்துத் தொங்கும்போது ஸ்கேன் செய்தால் வெள்ளையாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். மலையில் இது எல்லா நிகழ்ச்சியிலும் வரும், முந்தின நாள் காலி மைதானத்தில் சோதித்துப் பார்த்தால் சிக்னல் நன்றாகத்தான் இருக்கும், அதை நம்பக்கூடாது. இரண்டு மாற்று செய்தோம். நோட்டுப் புத்தகத்தில் பெயர், ஊர், நம்பர், என்ன கூரை என்று நாலு கட்டம் கோடு போட்டு, கேட்பவர்களிடம் "நைட்டு நாங்களே மெசேஜ் பண்றோம், பரவாயில்லையா?" என்று கேட்டு எழுதினோம். அப்புறம் கியூஆர் அட்டையைச் சின்னதாக அச்சடித்துக் கையில் கொடுத்தோம், வீட்டுக்குப் போய் ஸ்கேன் செய்துகொள்ளட்டும் என்று. வந்த GROUND மெசேஜ்களில் பெரும்பாலானவை இரவு 8 மணிக்கு மேல் வந்தவை.

மைக் அறிவிப்பும் இதே வழியில் மாறியது. முதல் நாள் "இந்தப் போட்டிக்கு நிதியுதவி வழங்கிய..." என்று அறிவிப்பாளர் வழக்கம்போல் இழுத்தார், யாரும் காதில் வாங்கவில்லை. இரண்டாம் நாள் வாசகம் இது: "நம்ம ஸ்டோர் ரூம் கூரை இந்த வருஷம் ஒழுகாது. அதைச் சரிபண்ணவங்க டீ பந்தல் பக்கத்துல உட்கார்ந்திருக்காங்க. உங்க வீட்டு ஒழுகலை அவங்ககிட்டச் சொல்லுங்க." அரைநேர இடைவேளையில், ஆட்கள் டீக்கு எழுந்திருக்கும் அந்த நிமிடத்தில். மேசைக்கு வயசான பெண்கள் வரத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். அவர்கள் ஸ்கேன் செய்யப்போவதில்லை. ஒரு பாட்டி வந்து பேரன் போனில் இருந்த வீட்டுப் படத்தைக் காட்டி, "போன தடவை வந்தவன் தார் பூசிட்டுப் போனான், ரெண்டே மாசம்" என்றார். நோட்டில் முதல் பக்கத்திலேயே அவர் பெயர் இருக்கிறது.

தண்ணீர் பற்றி ஒரு சின்ன விஷயம். சமவெளியில் ஸ்பான்சர் என்றால் தன் பெயர் ஒட்டிய தண்ணீர் பாட்டில் கொடுப்பார்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கும் தண்ணீர் பாட்டிலும் தடை. அதனால் பெரிய எவர்சில்வர் டிரம்மும் டம்ளரும்தான். பேனரும் ஃப்ளெக்ஸ் வேண்டாம் என்று துணியில் எழுதி வாங்கினார், அதே துணி இப்போது அவர் வேலை நடக்கும் வீட்டு வாசலில் தொங்குகிறது.

படம் எடுப்பதில் ஒரு வரம்பு

போட்டி நாட்களில் ஊர்ப் பையன் ஒருவன் போனில் எடுத்தான், 4 நாளுக்கு 4,000 ரூபாய். அவனுக்குச் சொன்னது, கோல் அடிப்பதைத் துரத்தாதே, அதைக் கமிட்டி எடுக்கும். கோல் விழுந்ததும் பார்ப்பவர்கள் முகத்தை எடு, ஆட்டநாயகனிடம் இரண்டு கேள்வி கேள், ஒவ்வொரு ஊர் டீமும் நிற்பதை எடு. டீம் படம் போட்டால் அந்த ஊர்ப்பெயரை எழுத வேண்டும், வீரர்களை டேக் செய்ய வேண்டும். அவர்கள் தங்கள் ஸ்டோரியில் எடுத்துப் போடுவார்கள், அது வெளியூரில் இருக்கும் சொந்தங்களுக்குப் போகும். அங்கே சிக்னல் இல்லாததால் எதையும் மைதானத்தில் இருந்து ஏற்றவில்லை, இரவு வீட்டுக்குப் போய்த்தான்.

சிறுவர்களுக்கான ஆட்டமும் நடந்தது. அவர்கள் முகத்தைத் தொழில் கணக்கில் போடவில்லை. பெற்றோரிடம் கேட்காமல் பிள்ளைகள் படத்தை ஒரு கூரை வியாபாரத்துக்குப் பயன்படுத்த யாருக்கும் உரிமை இல்லை, கமிட்டி கொடுத்த அனுமதி அதற்குச் செல்லாது. கால்களையும் பந்தையும் மட்டும் எடுத்தோம், அதுவே அழகாகத்தான் இருந்தது.

இன்னொன்றையும் வேண்டாம் என்று வைத்தோம். 2009 நவம்பரில் இந்தப் பக்கம் கொட்டிய மழையும் மண்சரிவும் இங்கே யாரும் மறக்கவில்லை, வீடும் ஆளும் போன குடும்பங்கள் இருக்கின்றன. எடிட் செய்த பையன் மழை பயத்தைக் காட்ட அந்தப் பழைய படங்களைச் சேர்க்கலாமா என்று கேட்டான். ஒழுகும் கூரையும் மண்சரிவும் ஒன்றல்ல, அதைக் காட்டி வாஷர் விற்பது அசிங்கம். சேர்க்கவில்லை.

வந்ததும் போனதும்

மொத்தச் செலவு 23,000 ரூபாய். கூரைக்கான பொருள் 8,500, கூலி 4,000, ஆட்டநாயகன் பரிசு 5,000, படம் எடுத்த பையனுக்கு 4,000, துணி பேனரும் அட்டையும் 1,500. ஒப்பந்ததாரர் 4 நாள் மேசையில் உட்கார்ந்த நேரத்துக்குக் கணக்குப் போடவில்லை. போட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து, ஏனென்றால் அந்த நாட்களில் அவர் வேறு வேலைக்குப் போகவில்லை.

வாழ்த்து, ஸ்டிக்கர், சும்மா விலை கேட்டவர்கள் எல்லாவற்றையும் கழித்தால் நிஜமான என்கொயரி 41. மைதானக் கியூஆரில் 17, நோட்டில் 14, ரீலில் 10. நேரில் போய்ப் பார்த்தது 24 வீடு, எஸ்டிமேட் கொடுத்தது 20. அக்டோபர் மழைக்குள் 9 வேலை முடிந்தது, 5 பேர் ஜனவரிக்குத் தள்ளினார்கள், மீதி 6 வரவில்லை.

இந்த 14 வேலையும் எங்கிருந்து வந்தது என்று பார்த்தபோது எங்கள் எதிர்பார்ப்பு தலைகீழாக இருந்தது. அதிகமாக என்கொயரி கொடுத்த மைதானக் கியூஆரில் இருந்து 3 வேலைதான். நோட்டில் இருந்து 5. வெறும் 10 பேர் வந்த ரீலில் இருந்து 6. அந்த 10 பேரில் பலர் கோயம்புத்தூர், பெங்களூரில் இருக்கும் பிள்ளைகள். அம்மா அப்பா ஹட்டி வீட்டில் தனியாக இருக்கிறார்கள், போனில் "ஒழுகுதுப்பா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், பிள்ளைகளால் வந்து ஆள் பிடித்து வேலை வாங்க முடியவில்லை. தெரிந்த ஊர் மைதானத்தில், தெரிந்த ஸ்டோர் ரூமில், ஒருவர் முன்னும் பின்னும் தண்ணீர் ஊற்றிக் காட்டுகிறார். கமிட்டிக் கணக்கில் வந்திருப்பதால் ஊரே சாட்சி. இவர்கள் எஸ்டிமேட் வந்ததும் ஜிபே செய்தார்கள், பேரம் குறைவு. ஒரே நிபந்தனை, வேலை நடக்கும்போது வீடியோ அனுப்ப வேண்டும். அதைத்தான் அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார்.

நோட்டில் இருந்து வந்தவர்கள் வேறு மாதிரி. சிறு தேயிலை விவசாயிகள் நிறைய. வேலை வேண்டும், கையில் காசு மாதம் ஒருமுறை இலைப் பணம் வரும்போதுதான். எஸ்டிமேட் கொடுத்த மறுநாள் போன் போட்டால் "பார்க்கலாம்" என்பார்கள், இலைப் பணம் வரும் வாரத்தில் போட்டால் தேதி சொல்வார்கள். இதை ஒப்பந்ததாரர் ஏற்கெனவே அறிந்தவர். நான் செய்தது அந்தத் தேதியை ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எழுதி வைக்கச் சொன்னது மட்டும்.

9 வேலைக்கும் சேர்த்து பில் 1,58,000. பொருளும் கூலியும் போக ஏறக்குறைய 45,000 நின்றது, அதில் 23,000 செலவைக் கழித்தால் 22,000. பெரிய லாபம் என்று சொல்லமாட்டேன். ஜனவரி வேலைகள் தனி. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும்: வேலைக்கு வந்த சிலர் ரீலையும் பார்த்து, மைக்கையும் கேட்டு, கடைசியில் நோட்டில் எழுதினவர்கள். லேபிள் கடைசிக் கதவைத்தான் காட்டும். அதனால் கியூஆர் வீண், ரீல் மட்டும் போதும் என்று முடிவு கட்டினால் தப்பாகும்.

வராமல் போனவர்களில் குறைந்தது 3 பேரை இழந்தது வேகம் இல்லாததால். போட்டி முடிந்த வாரம் அவர் பகலெல்லாம் யாராவது கூரை மேல்தான் இருந்தார், போன் கீழே பையில். இரண்டு நாள் கழித்துப் பதில் போனபோது அவர்கள் வேறு ஆளைப் பிடித்திருந்தார்கள். மழைக்கு முந்தின மாதத்தில் இரண்டு நாள் என்பது நீளம். பிறகு அவர் மனைவி வாட்ஸ்அப்பை இணைத்த இன்னொரு போனில் முதல் பதிலைப் பார்த்துக்கொண்டார்: போட்டோ வந்தது, மூன்று கேள்வி, எப்போது வந்து பார்ப்பார்கள் என்ற நாள். தொழில் தெரிந்த பதில் இரவில் வரலாம், நாள் மட்டும் ஒரு மணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும்.

மழை வந்த பிறகு

அக்டோபர் கடைசியில் முதல் கனமழை இரவில் பிடித்து மறுநாள் மதியம் வரை விடவில்லை. ஒப்பந்ததாரர் குடையோடு ஸ்டோர் ரூமுக்குப் போய், சாக்பீஸ் கோடு இருந்த அதே இடத்தில் நின்று, மேலே தகரம் அதிர அதிர, கீழே காய்ந்த தரையை எடுத்தார். பக்கெட் கவிழ்த்து வைத்திருந்தது. பேச்சு இல்லை, 20 நொடி. எடுத்த ரீல்களில் இதுதான் அதிகம் பகிரப்பட்டது. இதை எடுக்க ஒரு பைசா செலவில்லை, ஆனால் செப்டம்பரில் அந்த முதல் ஷாட்டை எடுக்காமல் விட்டிருந்தால் இது வெறும் காய்ந்த தரை.

எஸ்டிமேட் வாங்கி முடிவு சொல்லாமல் இருந்தவர்களுக்கும் இதைத் தனித்தனியாக அனுப்பினோம். பிராட்காஸ்ட் பட்டியல் போட்டு அனுப்பவில்லை, ஏனென்றால் நம் நம்பரை போனில் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும், பலர் சேமித்திருக்கமாட்டார்கள். ஜனவரிக்குத் தேதி சொன்ன 5 பேரில் 3 பேர் சொன்னது இந்த வீடியோவுக்குப் பிறகு.

அடுத்த வருடத்துக்குப் பேச்சு முடிந்துவிட்டது. கமிட்டி கேட்பது மைதானத்துக் கேலரிக்குப் பின்னால் மழைத்தண்ணீர் காவா. இவர் கேட்டிருப்பது இரண்டு: வேலையை ஜூலையிலேயே தொடங்க அனுமதி, அப்போதுதான் ரீல் ஆகஸ்டில் போகும், என்கொயரி முன்னாலேயே வரும், ஒரே டீமை வைத்துக்கொண்டு மழைக்குள் 9 வேலைக்கு மேல் முடிக்க வேறு வழியில்லை. அப்புறம் மேசையில் அவர் உட்காரப்போவதில்லை, வீட்டுக்காரம்மா உட்காருவார், அவர் அந்த நாட்களில் கூரை வேலைக்குப் போவார். கொலாப் அழைப்பை யார் ஏற்பது என்ற வரி இந்தத் தடவையும் தாளில் இருக்கிறது, வேறு பையன் பெயரில், ஏனென்றால் பழைய பையன் இப்போது முழுநேரக் கோல்கீப்பர்.